அந்தப் பெயரில் யாரும் படிக்கவில்லையாம்

புது வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். ஹெச்.ஆர். பிரிவிலிருந்து போன். "மேடம், உங்க டிகிரியைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தோம். அந்தப் பெயர்ல அங்கே யாருமே படிக்கலைன்னு பதில் வந்திருக்கு. கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

பட்டச் சான்றிதழ் என் பீரோவில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. மூன்று வருடம் உட்கார்ந்து படித்தது நான்தான். ஆனாலும் அந்த ஐந்து நிமிடம், லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, திருட்டுத்தனமாக ஏதோ செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி வயிற்றைக் கலக்கியது.

விஷயம் ரொம்பச் சின்னது. என் உண்மைப் பெயர் இங்கே வேண்டாம். மீனா என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்தபோது மீனா ராஜன். கல்யாணத்துக்குப் பிறகு மீனா சுந்தரம். வேலைக்கான படிவத்தில் பெயர் என்ற கட்டத்தில் மீனா சுந்தரம் என்று எழுதினேன். சரிதானே, பாஸ்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறது. நிறுவனம் அந்தப் படிவத்தைச் சரிபார்ப்பு ஏஜென்சிக்கு அனுப்பியது. ஏஜென்சி மீனா சுந்தரம் என்ற பெயரையும் தேர்ச்சி பெற்ற வருடத்தையும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிக் கேட்டது. அங்கே பதிவேட்டில் தேடியவர் அந்தப் பெயர் இல்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். அறிக்கையில் என் பெயருக்கு எதிரே 'முரண்பாடு' என்று மட்டும் விழுந்துவிட்டது.

சான்றிதழின் நகலையும் கொடுத்திருந்தேனே, அதில் பழைய பெயர் இருக்கிறதே, யாரும் பார்க்கவில்லையா என்று எனக்குக் கோபம். ஹெச்.ஆரில் இருந்த அம்மா, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், நிதானமாகச் சொன்னார்: "பார்ப்பாங்கம்மா. பார்த்தாலும் அந்த ராஜன் நீதான்னு அவங்களா முடிவு பண்ண மாட்டாங்க. அது அவங்க வேலை இல்ல. நீ எழுதிக் கொடு. சின்னக் குறிப்பு போதும்."

சின்னக் குறிப்பு என்று அவர் சொன்னது என் காதில் விழவே இல்லை போலிருக்கிறது. அன்று ராத்திரி உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எப்போது கல்யாணம் ஆனது, ஏன் பெயரை மாற்றினேன், மாற்றுவதற்கு முன் எவ்வளவு யோசித்தேன், கணவர் வீட்டில் யாரும் வற்புறுத்தவில்லை, சிரமத்துக்கு வருந்துகிறேன், என் நேர்மையைச் சந்தேகிக்க வேண்டாம். இப்போது படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. யாரும் சந்தேகிக்கவில்லை. தெரிய வேண்டியதைத்தான் கேட்டார்கள். அதைத் தவிர மற்றதெல்லாம் அந்த ஒன்றரைப் பக்கத்தில் இருந்தது.

அந்த அம்மா அதை வாங்கி, ஒரு பென்சிலை எடுத்து, ஒரே ஒரு வரியின் கீழ் கோடு போட்டார். "இது தப்பு" என்றார்.

அந்த வரி இது: 'பிப்ரவரி 2016-இல் நடந்த என் திருமணத்துக்குப் பிறகு என் பெயர் மீனா சுந்தரம் என்று மாறியது.'

இதில் என்ன தப்பு? எனக்குப் புரியவில்லை. அவர் என் கோப்பிலிருந்து முந்தைய கம்பெனியின் அனுபவச் சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தார். தேதி மே 2018. பெயர் மீனா ராஜன்.

கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்துக் கொடுத்த சான்றிதழில் பழைய பெயர். ஆனால் என் குறிப்போ 2016-லேயே பெயர் மாறிவிட்டது என்கிறது. படிக்கிறவர் என்ன நினைப்பார்? குறிப்பு தப்பா, சான்றிதழ் தப்பா? ஒரு முரண்பாட்டை விளக்க உட்கார்ந்து இன்னொன்றை நானே கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நடந்தது என்னவென்றால், கல்யாணமான உடனே நான் எதையும் மாற்றவில்லை. பழைய கம்பெனியில் எல்லாப் பதிவும் ராஜன் என்றே ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேலையை விட்ட பிறகுதான், ஜூலை 2018-இல் அடையாள அட்டையை மாற்றினேன். அக்டோபரில் புதுப் பெயரில் பாஸ்போர்ட் வந்தது. வங்கிக் கணக்கு அதற்கும் பிறகு. கல்யாணம் ஒரு தேதியில் நடக்கும். பெயர் மாறுவது ஒரு தேதியில் நடப்பதில்லை. ஒவ்வொரு ஆவணமும் அதனதன் நாளில் மாறுகிறது, சிலது மாறுவதே இல்லை. ஆகவே குறிப்பில் இரண்டு தேதி வேண்டும்: கல்யாணத் தேதி ஒன்று, ஆவணங்களில் பெயரை மாற்றத் தொடங்கிய தேதி ஒன்று. என்னைப் போலத் தாமதமாக மாற்றியவர்கள் பலரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

அடுத்து, நான் இணைத்திருந்த திருமணச் சான்றிதழ். அதைப் பெயர் மாற்றத்துக்கான சான்று என்றே நினைத்திருந்தேன். அந்த அம்மா சொன்ன பிறகு முதல் முறையாக முழுசாகப் படித்துப் பார்த்தேன். மீனா ராஜன் என்பவருக்கும் இன்ன சுந்தரம் என்பவருக்கும் இன்ன நாளில் திருமணம் நடந்தது என்று இருக்கிறது. அவ்வளவுதான். 'மீனா சுந்தரம்' என்ற பெயர் அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை!

என் விஷயத்தில் இது போதும். பழைய பெயர் அதில் இருக்கிறது, கணவரின் குடும்பப் பெயரும் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் உள்ள என் பெயரும் பிறந்த தேதியும் அதோடு ஒத்துப்போகின்றன. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பாலம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பாலம் எல்லாருக்கும் எட்டாது. என் நாத்தனார் இரண்டு குடும்பப் பெயரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டவள். என் தோழி ஒருத்திக்குப் பட்டச் சான்றிதழில் வெறும் இனிஷியல். திருமணச் சான்றிதழில் அந்த இனிஷியலின் விரிவு, அதுவும் ஓர் எழுத்து மாறி. இவர்களுக்குத் திருமணச் சான்றிதழை மட்டும் நீட்டினால் நடுவில் ஓர் ஓட்டை இருக்கும். அந்த இடத்தில்தான் 'இவ்விரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும்' என்று சொல்லும் உறுதிமொழிப் பத்திரமோ, பெயர் மாற்றத்துக்கென்றே அந்தந்த நாட்டில் இருக்கிற ஆவணமோ தேவைப்படும். நாமே எழுதும் குறிப்பு அந்த வேலையைச் செய்யாது. குறிப்பு வழி காட்டும், அவ்வளவுதான். சான்று என்பது இன்னொருவர் முத்திரை போட்டுக் கொடுப்பது.

சரி, இணைப்பதற்கு முன் பார்க்கவேண்டியது ஒன்றுதான். மேஜையில் மூன்று காகிதத்தை வரிசையாக வையுங்கள்: பழைய பெயர் உள்ள பட்டச் சான்றிதழ், நடுவில் திருமணச் சான்றிதழ், அப்புறம் புதுப் பெயர் உள்ள அடையாள ஆவணம். நடுவில் இருப்பதில் உள்ள உங்கள் பெயர், இடப்பக்கத்தில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா? வலப்பக்கத்தில் புதிதாக முளைத்த குடும்பப் பெயர் நடுக் காகிதத்தில் எங்காவது இருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் திருமணச் சான்றிதழே போதும் என்று நம்பலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அந்த இடத்துக்குத் தனியாக ஒரு காகிதம் வேண்டும்.

இரண்டாம் முறை எழுதிய குறிப்பை அப்படியே தருகிறேன். பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டவை.

பொருள்: சான்றிதழ்களில் குடும்பப் பெயர் வேறுபாடு – மீனா சுந்தரம்

வணக்கம்.

என் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், முந்தைய நிறுவனத்தின் அனுபவச் சான்றிதழ் (மே 2018) ஆகியவற்றில் என் பெயர் 'மீனா ராஜன்' என்று உள்ளது. அடையாள அட்டை, பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு ஆகியவற்றில் 'மீனா சுந்தரம்' என்று உள்ளது. இரண்டும் என் பெயர்களே.

எனக்குத் திருமணமான நாள் 11.02.2016. கணவரின் குடும்பப் பெயரை ஆவணங்களில் ஏற்றது ஜூலை 2018 முதல். அதற்கு முன் வழங்கப்பட்டவை பழைய பெயரிலேயே இருக்கும்.

திருமணப் பதிவுச் சான்றிதழின் நகலை இணைத்துள்ளேன். அசலைக் காட்ட முடியும்.

படிப்பையும் முந்தைய வேலையையும் சரிபார்க்கும்போது 'மீனா ராஜன்' என்ற பெயரில் கேட்கவும். அலுவலகப் பதிவுகளுக்கும் சம்பளத்துக்கும் 'மீனா சுந்தரம்' என்ற பெயரையே பயன்படுத்தவும்.

இப்படிக்கு,
மீனா சுந்தரம் (முந்தைய பெயர்: மீனா ராஜன்)

அவ்வளவுதான். ஏன் மாற்றினேன் என்று ஒரு சொல்கூட இல்லை. வருத்தமும் இல்லை. அந்த அம்மா படித்துவிட்டுத் தலையாட்டினார், அதையே ஏஜென்சிக்கும் அனுப்பினார். பழைய பெயரில் மறுபடி கேட்டார்கள். இந்த முறை பதிவு கிடைத்தது.

இதில் கடைசிப் பத்தி என் சொந்த யோசனை இல்லை, அவர் சேர்க்கச் சொன்னது. இப்போது நினைத்தால் குறிப்பில் வேலை செய்கிற பகுதியே அதுதான் என்று தோன்றுகிறது. மேலே உள்ளதெல்லாம் தகவல். படிப்பவர் அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யவேண்டும் என்பது கடைசிப் பத்தியில்தான் வருகிறது. 'இரண்டும் நானே' என்று மட்டும் எழுதியிருந்தால், அடுத்து சரிபார்க்கிறவர் எந்தப் பெயரைப் போட்டுத் தேடுவது என்று மறுபடி போன் செய்திருப்பார். அல்லது செய்யாமல் சுந்தரம் என்றே தேடியிருப்பார்.

ஆவணங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதும் அதே காரணத்துக்காகத்தான். முதல் குறிப்பில் 'என் சில ஆவணங்களில் பழைய பெயர் இருக்கலாம்' என்று எழுதியிருந்தேன். 'சில', 'இருக்கலாம்' இரண்டும் படிப்பவரின் தலையில் வேலையைக் கட்டுகிற சொற்கள். எது எது என்று தேடிப் பிடிப்பது அவர் பொறுப்பாகிவிடுகிறது. எல்லாக் காகிதத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பார்த்து எழுதினால் இந்த வம்பே வராது. நினைவிலிருந்து எழுதக்கூடாது. என் மதிப்பெண் பட்டியலில் ராஜன் முன்னால் வந்து மீனா பின்னால் வருகிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பெயரின் வரிசை என்றதும் பாஸ்போர்ட் ஞாபகம் வருகிறது. பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி இருக்கும், ஒவ்வொன்றும் 44 எழுத்து. இயந்திரம் படிப்பதற்கானது. முதல் வரியில் குடும்பப் பெயர் முதலில் வரும், அப்புறம் இரட்டை அம்புக்குறி, அப்புறம்தான் நம் பெயர். இப்படி:

```
P<UTOSUNDARAM<<MEENA<<<<<<<<<<<<<<<<<<<<<<<<
```

(UTO என்பது மாதிரிப் பாஸ்போர்ட்டுகளில் போடுகிற கற்பனை நாட்டின் குறியீடு.) நாம் பெயரை எழுதும்போது மீனா முன்னால், இங்கே சுந்தரம் முன்னால். பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனிக் கட்டத்தில் கேட்கும் மென்பொருளில் இதைப் பார்த்து யாராவது மாற்றி நிரப்பிவிட்டால், 'சுந்தரம் மீனா' என்று மூன்றாவது ஆள் ஒருத்தி பிறந்துவிடுவாள். குறிப்பில் பெயரை எழுதும்போதே எது குடும்பப் பெயர் என்று தெரிகிற மாதிரி எழுதிவிடுவது நல்லது. என் குறிப்பின் தலைப்பில் 'குடும்பப் பெயர் வேறுபாடு' என்று இருப்பதால் ராஜனும் சுந்தரமும்தான் மாறுகிறவை என்பது தானாகத் தெரிந்துவிடுகிறது.

சம்பளத்துக்கு எந்தப் பெயர் என்பதையும் தனியாகச் சொல்லவேண்டும். அங்கே நம் விருப்பத்துக்கு இடம் குறைவு. வங்கிக் கணக்கு எந்தப் பெயரில் இருக்கிறதோ, வரிப் பதிவு எந்தப் பெயரில் இருக்கிறதோ, அதோடு ஒத்துப்போனால்தான் பின்னால் தொல்லை இல்லை. வங்கியில் பழைய பெயர், அடையாள அட்டையில் புதுப் பெயர் என்று பாதி வழியில் நிற்பவர்கள் அதை மறைக்காமல் எழுதிவிடலாம்: 'வங்கிக் கணக்கில் பெயர் மாற்ற விண்ணப்பித்திருக்கிறேன், மாறும்வரை கணக்கு மீனா ராஜன் என்ற பெயரிலேயே இருக்கும்.' மாறியதும் ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினால் போதும்.

இன்னொன்று. 'சட்டப்படி என் பெயர் மாறிவிட்டது' என்று எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கவேண்டும். எல்லா இடத்திலும் கல்யாணம் பெயரை மாற்றுவதில்லை. பிரான்சில் 1794-லிருந்தே பிறப்புப் பதிவில் உள்ள பெயர்தான் ஒருவரின் சட்டப் பெயர். துணையின் பெயரைப் போட்டுக்கொள்வது புழக்கத்துக்கு மட்டும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல், கல்யாணத்துக்குப் பிறகும் அவரவர் பெயரிலேயேதான் உரிமைகளைப் பயன்படுத்தவேண்டும். அப்படிப்பட்ட இடங்களிலிருந்து வருகிறவர் அலுவலகத்தில் புதுப் பெயரில் அறியப்பட்டாலும், ஆவணங்கள் முழுக்கப் பழைய பெயரிலேயே இருக்கும். அவருடைய குறிப்பு என்னுடையதற்கு நேர் எதிராக இருக்கவேண்டும்: என் எல்லா ஆவணங்களிலும் பெயர் இது, அதுவே சரி, மின்னஞ்சலிலும் பெயர்ப் பலகையிலும் மட்டும் இந்தப் பெயரில் அழைக்கவும். 'மாறியது' என்ற சொல்லே அங்கே தப்பாகிவிடும்.

பட்டச் சான்றிதழையே புதுப் பெயருக்கு மாற்றி வாங்கிவிடலாமே என்று எனக்கும் ஒரு நாள் தோன்றியது. விசாரித்ததில், படித்தபோது பதிவேட்டில் இருந்த பெயரில்தான் தருவார்கள், பின்னால் கல்யாணம் ஆனதற்காகத் திருத்துவதில்லை என்றார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. யோசித்தால் நியாயம்தான். அந்தத் தேர்வை எழுதியவள் மீனா ராஜன்தானே. ஹால் டிக்கெட்டிலும் அவள்தான். மாற்றித் தருகிற இடங்களும் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வாய்ப்பு இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குப் பிறகும் பழைய அனுபவச் சான்றிதழ்கள் இருக்கவே செய்யும், குறிப்பும் தேவைப்படவே செய்யும்.

திருமணச் சான்றிதழை யாரிடம் கொடுப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அதில் முகவரி இருக்கிறது, பெற்றோர் பெயர் இருக்கிறது, சாட்சிகளின் கையெழுத்து இருக்கிறது. இதை டீம் லீடருக்கும் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பவேண்டிய அவசியமே இல்லை. குறிப்பும் நகலும் ஹெச்.ஆருக்கு மட்டும். அங்கேயும், அசலைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தால் போதுமா, நகல் கோப்பில் இருக்கவேண்டுமா என்று கேட்பதில் தவறில்லை. மணவிலக்குப் பெற்றுப் பழைய பெயருக்குத் திரும்பியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்கள் காட்டவேண்டியது பெயர் எப்போது எதிலிருந்து எதற்கு மாறியது என்பதை மட்டும்தான். தீர்ப்பின் நகல் கேட்கப்பட்டால்கூடப் பெயரும் தேதியும் முத்திரையும் உள்ள பக்கங்கள் போதுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

நான் செய்த முதல் தப்பு குறிப்பில் கூட இல்லை, அதற்கும் முன்னால். வேலைக்கான படிவத்திலேயே 'வேறு பெயர்கள் ஏதேனும் உண்டா' என்று ஒரு கட்டம் இருந்தது. புனைபெயர், செல்லப் பெயர் மாதிரி ஏதோ கேட்கிறார்கள் என்று நினைத்து 'இல்லை' என்று டிக் அடித்திருக்கிறேன். அந்தக் கட்டம் இருப்பதே என்னைப் போன்றவர்களுக்காகத்தான். ஹெச்.ஆர். அம்மா அந்த டிக்கையும் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை, பென்சிலால் லேசாகத் தட்டினார். 'இல்லை' என்று எழுதிவிட்டுப் பிறகு இன்னொரு பெயர் வெளியே வந்தால் அது மறைத்ததாகத் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப் படிவத்தையும் திருத்தி, பக்கத்தில் தேதியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

போன வருடம் மறுபடி வேலை மாறினேன். இந்த முறை 'வேறு பெயர்கள்' கட்டத்தில் மீனா ராஜன், ஜூலை 2018 வரை என்று முதலிலேயே எழுதிவிட்டேன். குறிப்பையும் சான்றிதழ்களுக்கு மேலேயே முதல் பக்கமாக வைத்துக் கொடுத்தேன். பழைய குறிப்புதான். ஒரே ஒரு வரி கூடியிருந்தது: 'ஜனவரி 2019 முதல் வேலை பார்த்த நிறுவனத்தின் அனுபவச் சான்றிதழ் மீனா சுந்தரம் என்ற பெயரில் உள்ளது, அதை மட்டும் அந்தப் பெயரில் கேட்கவும்.' சரிபார்ப்பு முடிந்தது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. யாரும் போன் செய்யவில்லை.